மூன்று விநாடி விசாரிப்பும் முக்கால் மணி நேர விசாரிப்பும்

காரைக்குடியில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில் எனக்கும் பக்கத்து மேஜைக்காரருக்கும் பதினோரு வருஷப் பழக்கம். காலையில் அவர் உள்ளே வரும்போது "வந்தாச்சா?" என்பேன். "ம்ம், பஸ் லேட்டு" என்பார். பையை மாட்டிவிட்டுக் கம்ப்யூட்டரைப் போடுவார். மூன்று விநாடி ஆகும். மத்தியானம் வராந்தாவில் எதிரே பார்த்தால் அதுவும் கிடையாது, புருவம் கொஞ்சம் ஏறி இறங்கும். சாயங்காலம் மூன்றாம் முறை பார்க்கும்போது அந்தப் புருவமும் அசையாது. இதில் அவருக்கும் வருத்தமில்லை, எனக்கும் இல்லை.

2023 தொடக்கத்தில் என் அம்மான், அதாவது அம்மாவின் தம்பி, பினாங்கிலிருந்து வந்தார். அவர்கள் பங்காளி வீட்டில் முன்னோருக்குப் படையல் வைக்கும் படைப்புக்கு வந்தவர், நேரே எங்கள் வீட்டுக்குத்தான் முதலில் வந்தார். ஆறு வருஷத்துக்குப் பிறகு அக்காவும் தம்பியும் பார்த்துக்கொள்கிறார்கள். வாசலில் கார் நின்றபோது உள்முற்றமான வளவில் இருந்த கடிகாரத்தில் பத்து இருபது. "காபி சாப்பிடுறியா?" என்று அம்மா கேட்டபோது பதினொன்று ஐந்து. இடைப்பட்ட முக்கால் மணி நேரமும் ஒருவரை ஒருவர் விசாரித்துக்கொள்வதிலேயே போயிற்று. வந்த காரியம் என்ன, எத்தனை நாள் தங்கல், படைப்புக்கு யார் யார் வருகிறார்கள் என்ற பேச்செல்லாம் காபிக்கு அப்புறம்தான்.

பாசம் அதிகம், அதனால் பேச்சும் அதிகம் என்று இதைச் சுலபமாகச் சொல்லிவிடலாம். ஆனால் எனக்கு ஒரு தம்பி இருக்கிறான், மூன்று தெரு தள்ளி. அம்மாவுக்கு அவன் மேல் பாசம் குறைவென்று யாரும் சொல்ல முடியாது. தினமும் பின்வாசல் வழியாக வருவான், அடுப்படியில் நின்று "காபி இருக்கா?" என்பான். அம்மா திரும்பிக்கூடப் பார்க்காமல் டம்ளரை எடுத்து நீட்டுவார். என் பக்கத்து மேஜைக்காரருக்குக் கிடைக்கிற "வந்தாச்சா?" கூட அவனுக்குக் கிடையாது. அப்படியானால் உறவு மட்டுமே விசாரிப்பை நீட்டுவதில்லை.

பிரிவு மட்டுமே நீட்டுகிறதா என்றால், அதற்கும் ஒரு சாட்சி இருக்கிறது. ஒரு தடவை மேஜைக்காரருக்கு மஞ்சள் காமாலை வந்து இருபது நாள் லீவில் இருந்தார். திரும்பி வந்த அன்று நான் எழுந்து நின்றேன். "என்ன சார், ஆளே பாதியாயிட்டீங்க?" என்றேன். சுற்றி நான்கைந்து பேர் கூடிவிட்டார்கள். கீழாநெல்லி சாப்பிட்டாரா, எண்ணெய் சேர்க்கலாமா, இப்போது கண் வெள்ளையாகிவிட்டதா என்று நாலு நிமிஷம் ஓடியது. மறுநாள் காலையில் பழையபடி "வந்தாச்சா?" "ம்ம்." இருபது நாள் இடைவெளி மூன்று விநாடியை நாலு நிமிஷமாக்கியது, அதற்கு மேல் இழுக்கவில்லை. அவர் இருபது மாதம் கழித்து வந்திருந்தாலும் பத்து நிமிஷத்தைத் தாண்டியிருக்காது என்பது என் கணிப்பு. ஆக இடைவெளி, உறவு இரண்டும் சேர்ந்தால்தான் முக்கால் மணி நேரம்.

இதை ஒழுங்காக எழுதிவைத்தவர் எர்விங் காஃப்மன் என்ற சமூகவியலாளர். கனடாவில் பிறந்து அமெரிக்காவில் வேலை பார்த்தவர். சந்திப்பில் சொல்லும் முகமனுக்கும் பிரியும்போது சொல்லிக்கொள்வதற்கும் ஒரே வேலைதான் என்று 1971-ல் அவர் எழுதினார். இரண்டுமே ஒருவரை ஒருவர் அணுகும் வாசலைத் திறப்பதும் மூடுவதும். எவ்வளவு நாள் மூடிக்கிடந்ததோ அதற்கேற்பத் திறக்கும் சடங்கு பெரிதாகும். இனி எவ்வளவு நாள் மூடியிருக்கப் போகிறதோ அதற்கேற்ப விடைபெறும் சடங்கு பெரிதாகும். ஒரே நாளில் திரும்பத் திரும்பப் பார்க்கிறவர்களுக்குள் முகமன் படிப்படியாகத் தேய்ந்து வெறும் புருவ அசைவாக நிற்கும். எங்கள் வராந்தாவைப் பார்த்துவிட்டு எழுதியது மாதிரியே இருக்கும்.

ஆனால் இது எவ்வளவு என்பதைத்தான் சொல்கிறது. ஏன் என்பதற்கு அந்த முக்கால் மணி நேரத்துக்குள் போய்ப் பார்க்க வேண்டும்.

அம்மான் காரை விட்டு இறங்கியபோது முகப்புத் திண்ணையில் பெரியப்பச்சி இருந்தார். மற்ற நாளாக இருந்தால் ஆளைப் பார்த்ததும் "வாங்க, வாங்க" என்ற குரல் தெருமுனை வரை கேட்டிருக்கும். அன்று எழுந்து நின்றார், தலையை அசைத்தார், "வாங்க" என்று சொல்லவில்லை. காரணம் வந்தவருக்கும் தெரியும். என் அப்பச்சி, அதாவது அப்பா, 2020-ல் காலமானார். அப்போது மலேசியா எல்லையை மூடியிருந்தது. அது 2022 ஏப்ரலில்தான் திறந்தது. அதற்குப் பிறகு அம்மானுக்கு முழங்கால் அறுவை. ஆக அக்கா புருஷன் போன துக்கத்தை அவர் இன்னும் நேரில் கேட்கவில்லை. துக்கம் கேட்க வருகிறவரை "வாங்க" என்று அழைப்பதில்லை, அவரும் "போயிட்டு வர்றேன்" என்று சொல்லிக்கொண்டு போவதில்லை. இரண்டரை வருஷம் ஆனாலும் அந்தக் கணக்கு அப்படியே நிற்கிறது. அதை முடிக்காமல் அடுத்த வரிக்குப் போக முடியாது.

அம்மான் முகப்பைத் தாண்டி வளவுக்குள் வந்தார். வளவைச் சுற்றிய தாழ்வாரமான பத்தியில் உட்கார்ந்திருந்த அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். முழங்கால் மடங்காது, இருந்தாலும் கீழேதான் உட்கார்ந்தார். "ஆச்சி" என்றார், அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. எங்கள் பக்கம் அக்காவை ஆச்சி என்பார்கள். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். ஐந்து நிமிஷம் இருக்கும், அழுகையும் சும்மா இருத்தலுமாக. அப்புறம் அம்மா பேச ஆரம்பித்தார். எந்த நாள் காய்ச்சல் வந்தது, எந்த நாள் மூச்சு வாங்கியது, ஆஸ்பத்திரியில் யாரையும் உள்ளே விடவில்லை, எடுத்துப் போகும்போது வீட்டில் பத்துப் பேர்கூட இல்லை. இதில் அம்மானுக்குப் புதிதாக ஒரு சொல்கூடக் கிடையாது. அன்று ராத்திரியே போனில் எல்லாம் சொல்லியாயிற்று. அதற்குப் பிறகும் எத்தனையோ தடவை சொல்லியாயிற்று. ஆனாலும் முதல் தடவை கேட்கிறவர் போலக் கேட்டார், இடையிடையே "ம்ம்" போட்டார். கடைசியில், "நான் வந்திருக்கணும் ஆச்சி" என்றார். "நீ என்ன பண்ணுவே தம்பி, ஊரே பூட்டிக் கெடந்துச்சு" என்றார் அம்மா.

அப்புறம் என் மனைவி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அம்மான் முகம் கழுவிக்கொண்டு வந்தார். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். "வா தம்பி. எத்தனை மணிக்குக் கெளம்புனே?" என்றார்.

வந்து இருபது நிமிஷம் கழித்து வருகிற "வா" அது. அதுவரை நடந்தது முகமனுக்கு முந்தைய பாக்கி.

அங்கிருந்து விசாரிப்பு வேறு கதியில் போயிற்று. "எப்படி இருக்கீக ஆச்சி?" என்றார் அம்மான். "இருக்கேன்" என்றார் அம்மா. தமிழில் இந்த இடம் நுணுக்கமானது. "நல்லா இருக்கேன்" என்று பதில் வந்தால் அந்தக் கேள்வி அத்தோடு மூடிவிடும். "இருக்கேன்" என்றால் கதவு கொஞ்சம் திறந்திருக்கிறது, மேலே கேட்கலாம். "ஏதோ இருக்கேன்" என்றால் கேட்காமல் போகக் கூடாது. அலுவலகத்தில் "எப்படி இருக்கீங்க?" என்பதற்கு யாராவது "ஏதோ இருக்கேன்" என்றால் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுவோம். உறவில் அப்படி நகர்ந்தால், "கேட்டான், பதிலை வாங்கிக்காமப் போயிட்டான்" என்று பத்து வருஷத்துக்குப் பேச்சு நிற்கும்.

அம்மான் நகரவில்லை. "இருக்கேன்னா என்ன ஆச்சி? சர்க்கரை எவ்வளவு நிக்குது?" என்றார். சர்க்கரை, கண், தூக்கம் எல்லாம் வந்தது. பிறகு அம்மாவின் முறை. "ஏன் இப்படி இளைச்சுப் போயிட்டே?" என்றார். அம்மான் ஆறு வருஷத்தில் குறைந்தது ஐந்து கிலோ கூடியிருப்பார். உருவத்தைப் பார்த்துச் சொன்ன பேச்சல்ல அது. உன் உடம்பைப் பற்றிச் சொல்ல எனக்கு இன்னும் பாத்தியதை இருக்கிறது, நான் பக்கத்தில் இல்லாததால் உன்னை யாரும் சரியாகக் கவனிக்கவில்லை என்பதுதான் அதற்குள் இருக்கும் சேதி. அதே வார்த்தையை மேஜைக்காரரிடம் சும்மா ஒரு நாளில் சொன்னால் கோபித்துக்கொள்வார். காமாலை வந்தபோது சொல்ல முடிந்தது, அன்றைக்கு மட்டும்.

இதற்கு நடுவே, "எப்படி இருக்கீக" இன்னும் இரண்டு தடவை வந்தது. உட்கார்ந்து கொஞ்ச நேரம் கழித்து ஒரு தடவை, பெட்டியைத் திறந்து மைலோ டின்னையும் கோடாலித் தைலத்தையும் எடுத்து வைத்தபோது ஒரு தடவை. ஒரே கேள்வியை ஏன் மூன்று தடவை கேட்கிறார் என்று வெளியாள் நினைக்கலாம். வார்த்தைதான் ஒன்று, இறங்குகிற ஆழம் வேறு. முதல் தடவை கேட்டதற்குச் சர்க்கரை அளவு வந்தது. இரண்டாம் தடவை மருமகள் எப்படிப் பார்த்துக்கொள்கிறாள் என்பது வந்தது. அதைச் சொல்லும்போது என் மனைவி இரண்டாங்கட்டில் இருந்தாள், ஆகவே அம்மா சத்தமாக நல்லபடியாகச் சொன்னார். மூன்றாம் தடவை தைலத்தைக் கையில் வாங்கிக்கொண்டே, "ராத்திரியிலதான் தம்பி ஒரு மாதிரியா இருக்கு" என்றார். ஆறு வருஷம் கழித்து வந்தவருக்கு அந்த மூன்றாம் பதிலை முதலிலேயே கொடுக்க முடியாது. படி இறங்குவது போல இறங்கித்தான் கொடுக்க வேண்டும்.

அப்புறம் ஆள் ஆளாக விசாரிப்பு. அலுவலகத்தில் ஒருவர் உள்ளே வந்து பொதுவாக ஒரு "வணக்கம்" சொன்னால் அறையில் உள்ள எட்டுப் பேருக்கும் சேர்த்துப் போய்விடும். உறவில் மொத்த வணக்கம் செல்லாது. பார்க்கப்போனால் உறவுக்காரர்கள் தங்களுக்குள் "வணக்கம்" என்றே சொல்லிக்கொள்வதில்லை. சொன்னால் ஏதோ சண்டை என்று அர்த்தம். இங்கே ஒவ்வொரு ஆளையும் தனியாகப் பார்த்து, முறை சொல்லி, விசாரிக்க வேண்டும். அம்மான் என்னை விசாரித்தார், என் மனைவியை அழைத்து விசாரித்தார், பள்ளிக்கூடம் போயிருந்த மகளையும் இல்லாத ஆளாகவே விசாரித்தார். அம்மா பதிலுக்குப் பினாங்கில் இருப்பவர்களையும் கோலாலம்பூரில் இருக்கும் மகனையும் பேத்தியையும் ஒவ்வொருவராகக் கேட்டார். வளவில் இருப்பவர் ஆறு, அந்தப் பக்கம் ஐந்து. ஆளுக்கு ஒரு நிமிஷம் என்றாலே பதினோரு நிமிஷம். விசாரிப்பு நீளுவதில் ஒரு பங்கு வெறும் பெருக்கல்தான்.

இதில் ஒருவரை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பது செட்டிநாட்டில் கல்யாண வீடு பார்த்தவர்களுக்கெல்லாம் தெரியும். சில வருஷம் முன்பு ஒரு சாந்தியில் நானே விட்டிருக்கிறேன். சாந்தி என்றால் எங்கள் பக்கம் அறுபதாம் கல்யாணம். வரிசையாகப் பத்தியில் உட்கார்ந்திருந்த ஆச்சிமார்களை விசாரித்துக்கொண்டே வந்தேன். நடுவில் செல்போன் அடித்தது, பேசிவிட்டு அடுத்த ஆளிலிருந்து தொடர்ந்தேன். ஒருவர் விட்டுப்போனார். அவர் அன்று ஒன்றும் சொல்லவில்லை. மூன்று மாதம் கழித்து வேறொருவர் வழியாக வந்தது: "அவுகளுக்கு இப்ப நம்மளையெல்லாம் கண்ணுக்குத் தெரியாதுல்ல." ஒரு நாள் காலையில் மேஜைக்காரரைப் பார்த்து "வந்தாச்சா" என்று கேட்காவிட்டால் அதற்கு ஒரு பொருளும் கிடையாது. மறுநாள் கேட்டால் போயிற்று. உறவில் அடுத்த தவணை எப்போது வரும் என்று தெரியாது. அடுத்த தடவை அந்த ஆச்சி இருப்பாரா என்பதே தெரியாது. அதனால் ஒவ்வொரு சந்திப்பின் மீதும் பாரம் கூடுகிறது.

முக்கியமான விஷயம் இதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். எனக்கும் மேஜைக்காரருக்கும் உள்ள உறவை நாங்கள் காப்பாற்ற வேண்டியதில்லை. வருகைப் பதிவேடு காப்பாற்றுகிறது, சம்பளம் காப்பாற்றுகிறது, பக்கத்து பக்கத்து மேஜைகள் காப்பாற்றுகின்றன. நேற்று நாங்கள் யாராக இருந்தோமோ இன்றும் அதுவே என்பதில் இருவருக்கும் சந்தேகம் கிடையாது. ஆறு வருஷம் பார்க்காத அக்கா தம்பிக்கு அப்படி ஒரு பதிவேடு இல்லை. ரத்த உறவு அழியாது என்று சொல்கிறோமே தவிர, நடைமுறையில் அது விட்டுப்போகிற பொருள். முறை நின்றுபோன வீடுகள், செய்முறை கொடுக்கல் வாங்கல் அறுந்துபோன பங்காளிகள் ஊருக்கு நாலு இருக்கும். அதனால்தான் நெடுநாள் கழித்துச் சந்திக்கும்போது, நாம் இன்னும் பழைய ஆட்கள்தானா என்ற கேள்வி சொல்லாமலே எழுகிறது. "ஆச்சி" என்ற அழைப்பும், "இளைச்சுட்டே" என்ற உரிமைப் பேச்சும், தெரிந்த சாவை மறுபடி கேட்பதும் அந்தக் கேள்விக்குப் பதில்கள்.

சேதி பரிமாறுவதுதான் நோக்கம் என்றால் வாட்ஸ்அப் வந்த பிறகு விசாரிப்பு சுருங்கியிருக்க வேண்டும். எங்கள் குடும்பக் குழுவில் அம்மானின் முழங்கால் எக்ஸ்ரேகூட வந்தது. அம்மா அதைப் பெரிதாக்கிப் பார்த்தவர். ஆனாலும் நேரில், "முழங்கால் எப்படி இருக்கு? எந்தக் கால்?" என்றார். எந்தக் கால் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். கேட்பதற்கு ஓர் ஆளும் சொல்வதற்கு ஓர் ஆளும் எதிரெதிரே இருப்பதுதான் அங்கே முக்கியம். ஒரு மாற்றம் மட்டும் கண்ணில் பட்டது. புதிய செய்தியாக வந்தவை இப்போது உறுதிப்படுத்தலாக வருகின்றன. "பேத்தி நடக்குதா?" என்று கேட்டிருக்கும் இடத்தில் "பேத்தி நடந்ததைப் படத்துல பார்த்தேன், நம்ம ஆயா நடை மாதிரியே இருக்கு" என்று வந்தது. நேரம் குறையவில்லை, கொஞ்சம் கூடியதென்றே சொல்வேன்.

இங்கே வீட்டின் அமைப்புக்கும் ஒரு பங்கு உண்டு. ஆடம் கெண்டன், ஆண்ட்ரூ ஃபெர்பர் என்ற இருவர் ஒரு பிறந்தநாள் விருந்துக்கு வந்தவர்களைப் படம் பிடித்து, மனிதர்கள் சந்தித்துக்கொள்ளும் விதத்தை 1973-ல் விவரித்தார்கள். முதலில் தூரத்திலிருந்தே ஒரு முகமன், கை தூக்கியோ தலை அசைத்தோ. அப்புறம் நெருங்கி வரும் நடை. அப்போது இருவரும் பார்வையைக் கொஞ்சம் விலக்கிக்கொள்வார்கள். கிட்டே வந்ததும் இன்னொரு முகமன், புன்னகையும் பேச்சுமாக. அலுவலகத்தில் இந்த மூன்றும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து நசுங்கிவிடுகின்றன, கதவுக்கும் மேஜைக்கும் பத்தடிதான். செட்டிநாட்டு வீடு ஒரு தெருவில் ஆரம்பித்து அடுத்த தெருவில் முடிகிறது. முகப்புத் திண்ணையில் ஆண்கள் விசாரிப்பார்கள், வளவில் பெரியவர்கள், இரண்டாங்கட்டிலும் அடுப்படியிலும் பெண்கள். ஒவ்வொரு கட்டும் ஒரு புதிய சந்திப்பு. அம்மான் அன்று காபிக்குப் பிறகும் அடுப்படிக்குப் போய் நாற்பது வருஷமாகச் சமைக்கிற அம்மாளை விசாரித்துவிட்டு வந்தார். அதை நான் முக்கால் மணி நேரத்தில் சேர்க்கவில்லை.

பழைய பழக்கமும் இதற்குள் இருக்கிறது. நகரத்தார் பர்மாவிலும் மலாயாவிலும் வட்டிக்கடை நடத்திய காலத்தில், கடைக்குப் போகிற மேலாளுக்கு வழக்கமான கெடு மூன்று வருஷம். அவனுக்குக் கீழே அடுத்தாள், பெட்டியடிப் பையன் எல்லாம் இருப்பார்கள், எல்லோரும் பெண்டு பிள்ளையை ஊரில் விட்டுவிட்டுப் போனவர்கள். கெடு முடிந்து கணக்கைப் புது ஆளிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் கப்பல் ஏறுவார்கள். 1926 முதல் 1973 வரை சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் பினாங்கு, சிங்கப்பூருக்கும் இடையே ஓடிய ரஜூலா கப்பலை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் ஓர் உறவுக்காரரைப் போலப் பேசுவார்கள். மூன்று வருஷம் கழித்து வருகிறவருக்குத் தான் போனபோது வயிற்றில் இருந்த பிள்ளை ஓடிவந்து யாரென்று பார்க்கும். ஐயா இருந்த இடத்தில் படம் மாட்டியிருக்கும். அப்படிப்பட்ட வருகைகளே இங்கே நான்கைந்து தலைமுறைக்கு வழக்கமாக இருந்தன. விசாரிப்பில் ஒரு வரிசை, துக்கம் முதலில், உடம்பு அப்புறம், ஆள் ஆளாகக் கேட்பது, பெட்டி கடைசியில் திறப்பது என்பதெல்லாம் அந்த வருகைகளில் கெட்டிப்பட்டது என்பது என் ஊகம். திருச்சியிலிருந்து நாலு மணி நேரத்தில் கோலாலம்பூர் போய்விடலாம் என்றான பிறகும் வரிசை மாறவில்லை.

நீண்ட பிரிவென்றால் எல்லா ஊரிலும் நீண்ட பேச்சு என்று நினைத்துவிட வேண்டாம். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் மேற்கு அபாச்சி மக்களோடு இருந்து ஆராய்ந்த கீத் பாஸோ 1970-ல் எழுதியது நேர் எதிரானது. விடுதிப் பள்ளியில் படித்துவிட்டுப் பல மாதம் கழித்து வீடு திரும்பும் பிள்ளையைப் பெற்றவர்கள் அழைத்துப்போகும்போது பேசுவதில்லை. விசாரிப்பதும் இல்லை. பிள்ளை எந்த மாதிரி ஆளாக மாறி வந்திருக்கிறான் என்று தெரியாது. ஆகவே அவன் பேசக் கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் பேச்சு. நம் பக்கத்தில் இதைச் செய்தால் பிள்ளை அழுதுவிடும். ஆனால் யோசித்துப் பார்த்தால் இரண்டும் ஒரே சந்தேகத்திலிருந்து கிளம்புகின்றன. நடுவில் நாம் பார்க்காத ஒரு காலம் இருக்கிறது, அதில் இவர் என்ன ஆனார் என்பது தெரியாது. அவர்கள் அதைக் காத்திருந்து தீர்க்கிறார்கள், நாம் கேட்டுத் தீர்க்கிறோம். இரண்டிலும் நேரம் ஆகிறது. தினம் பார்க்கிறவர்களுக்கு அந்தத் தெரியாத காலம் ஒரு ராத்திரிதான்.

அம்மாவும் அம்மானும் அழுதது இன்னொரு ஆய்வை நினைவூட்டுகிறது. பினாங்குக்குப் போகும் வழியில்தான் அந்தமான். 1906 முதல் 1908 வரை அங்கே இருந்த மானிடவியலாளர் ராட்கிளிஃப்-பிரவுன், சில வாரம் பிரிந்திருந்த உறவினர்கள் சந்தித்தால் ஒருவர் மடியில் ஒருவர் உட்கார்ந்து, கழுத்தைக் கட்டிக்கொண்டு சில நிமிஷம் ஓவென்று அழுவார்கள் என்று பதிவு செய்திருக்கிறார். யாரும் சாக வேண்டியதில்லை, சந்தோஷமான சந்திப்புக்கும் அழுகைதான். அறுந்து நின்ற உறவு மறுபடி முடிச்சுப்போடப்படும் நேரத்தில் அழுகை வருகிறது என்பது அவர் கொடுத்த விளக்கம். எங்கள் வளவில் துக்கம் கேட்டதும் உறவைப் புதுப்பித்ததும் தனித்தனியாக நடந்ததாக நான் பிரித்து எழுதியிருக்கிறேன். பார்த்துக்கொண்டிருந்தபோது அப்படிப் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

விசாரிப்பு ஒழுங்காகப் போகவில்லை என்பதை எப்படிக் கண்டுகொள்வது என்றால், வேகத்தில் தெரியும். வந்தவர் உட்காரும் முன்பே வந்த காரியத்தைச் சொல்லிவிட்டார் என்றால் ஏதோ சரியில்லை. சொத்துப் பேச்சுக்கு வருகிற பங்காளிகள் பெரும்பாலும் இதில்தான் மாட்டிக்கொள்வார்கள். இருபது வருஷம் கழித்து வந்து, வளவில் கால் வைத்ததும், "அந்தப் பத்திரம் யார்கிட்ட இருக்கு?" என்று ஒருவர் கேட்டதை நான் பார்த்திருக்கிறேன். கேட்டது நியாயமான கேள்விதான், பங்கும் அவருக்கு உண்டு. ஆனால் வீட்டில் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் எழுந்து ஆளுக்கொரு வேலையைப் பார்க்கப் போனார்கள். விசாரிப்பில் செலவழிக்காத பதினைந்து நிமிஷத்துக்கு அவர் அப்புறம் எட்டு மாதம் நடந்தார். அலுவலகத்தில் இது தலைகீழ். நான் ஒரு கோப்பைக் கேட்க மேஜைக்காரரிடம் போய் முதலில் பதினைந்து நிமிஷம் அவர் குடும்பத்தை விசாரித்தால், "என்ன சார், கடன் ஏதாவது வேணுமா?" என்பார்.

அம்மான் எங்கள் வீட்டில் ஐந்து நாள் தங்கினார். இரண்டாம் நாள் காலையில் அவர் மாடியிலிருந்து இறங்கி வந்தபோது, "தூங்குனியா? கொசு கடிச்சுதா?" என்று அம்மா கேட்டார். "நல்லாத் தூங்குனேன் ஆச்சி" என்றார். மூன்றாம் நாள் பத்தியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவரைத் தாண்டிப் போகும்போது அம்மா அவரைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. நான்காம் நாள் காலையில் அம்மான் அடுப்படி நிலைப்படியில் வந்து நின்றார். அம்மா திரும்பாமலே, "பால் இன்னும் காயலை" என்றார். பக்கத்தில் என் தம்பியும் டம்ளரோடு நின்றிருந்தான்.